லிஃப்ட் மாற்றும் செலவு யார் தலையில்?

சென்னையின் தென்புறத்தில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் ஆறு ஆண்டுகள் சங்கப் பொருளாளராக இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் என்னிடம் வந்த புகார்களில் பாதி தண்ணீரைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி, பார்க்கப்போனால், ஒரே கேள்வியின் பல வடிவங்கள்: இந்தப் பணத்தை வீட்டுக்காரர் கட்ட வேண்டுமா, குடியிருப்பவர் கட்ட வேண்டுமா?

அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கட்டடத்துக்குப் பதினெட்டு வயதானபோது லிஃப்ட் அடிக்கடி இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. பழுது பார்க்க வந்தவர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான உதிரிப் பாகங்கள் இனிக் கிடைக்காது, மாற்றிவிடுவதுதான் வழி என்றார்கள். பொதுக்குழு கூடியது. புது லிஃப்டுக்கு 12 லட்சம் ரூபாய். பெருஞ்செலவுகளுக்காகச் சங்கம் மாதாமாதம் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்டில் இருந்தது 6 லட்சம். மீதி 6 லட்சத்தை இருபத்துநான்கால் வகுத்து, வீட்டுக்கு 25,000 ரூபாய் என்று தீர்மானம் போட்டோம்.

மூன்றாம் மாடியில் ஓர் இளம் தம்பதி பதினான்கு மாதங்களாக வாடகைக்கு இருந்தார்கள். வீட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். தீர்மானத்தின் நகலை அவருக்கு அனுப்பினேன். அவர் அதை அப்படியே குடித்தனக்காரருக்குத் திருப்பிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மெயின்டனன்ஸ் உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கட்டிவிடுங்கள்.' ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. 'மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் மற்றும் இதர கட்டணங்கள் அனைத்தையும் வாடகைதாரரே செலுத்த வேண்டும்' என்று ஒரு வரி. முத்திரைத்தாள் விற்கும் கடையில் தட்டச்சு செய்து கொடுக்கும் எல்லா ஒப்பந்தங்களிலும் இந்த வரி இருக்கும். எழுதியவரும் யோசித்ததில்லை, கையெழுத்துப் போட்டவரும் யோசித்ததில்லை.

அந்த இளைஞர் காகிதத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "சார், இன்னும் எட்டு மாதத்தில் நாங்கள் வேறு வீடு பார்க்கப் போகிறோம். இருபது வருடம் ஓடப்போகிற லிஃப்டுக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் ஏற்கெனவே, தனக்குத் தெரியாமலே, மாதாமாதம் அந்த லிஃப்டுக்குக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அதை விளங்கிக்கொள்ள, அவர் கட்டிவந்த 3,500 ரூபாய் எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீடுகள் எல்லாம் ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் என்று வசூல். மாதம் 84,000 ரூபாய் வரும். இரண்டு காவலாளிகளின் சம்பளம் 32,000. பெருக்கித் துடைப்பது, குப்பை எடுப்பது 11,000. பொது மின்சாரம், அதாவது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குகள், சராசரியாக 9,000. வீட்டு மின்கட்டணத்தில் கிடைக்கும் இலவச யூனிட்டுகள் பொது மீட்டருக்குக் கிடையாது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மாதக் கணக்கில் 4,000. தண்ணீர் லாரி வருடச் சராசரியில் மாதம் 10,000. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மோட்டார் ரிப்பேர், தொட்டி கழுவுதல் போன்றவற்றுக்கு 5,000. கணக்கர், வங்கி, எழுதுபொருள் 1,000. கூட்டினால் 72,000. மீதம் 12,000 ரூபாய் சிங்கிங் ஃபண்டுக்குப் போகும்.

வீட்டுக்கு வகுத்தால், 3,500 ரூபாயில் 3,000 அந்த மாதமே செலவாகித் தீர்ந்துவிடுகிறது. 500 ரூபாய் தீர்வதில்லை. வங்கியில் வைப்பு நிதியாக உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரண்டும் ஒரே ரசீதில், ஒரே பெயரில், ஒரே தொகையாக வருவதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். எங்கள் ரசீதிலும் 'பராமரிப்பு – ரூ. 3,500' என்றுதான் இருந்தது. அதை அச்சடித்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கிங் ஃபண்ட் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ மூழ்கிப்போகும் பணம் போலத் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டன் அரசு தன் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்தி ஒழிப்பதற்காக ஒதுக்கிய நிதிக்கு வைத்த பெயர் அது. அடுக்ககத்தில் அதன் பொருள், என்றாவது ஒரு நாள் வந்தே தீரும் பெருஞ்செலவுக்காக இன்றே எடுத்துவைப்பது. வீடு வாங்கும்போது கட்டுமான நிறுவனம் மொத்தமாக வாங்கிச் சங்கத்திடம் ஒப்படைக்கும் கார்ப்பஸ் ஃபண்ட் வேறு. அது ஒரே முறை கொடுப்பது. அதில் உரிமையாளருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையில் குழப்பம் வருவதில்லை. மாதாமாதம் சேர்ப்பதில்தான் வருகிறது.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது ஊகமல்ல, வகுத்தல் கணக்கு. கட்டடத்தில் எது எப்போது தேயும் என்று பட்டியல் போட்டால் போதும். எங்கள் கட்டடத்துக்கு நான் போட்டது இது. வெளிச்சுவர் பெயின்ட் 9 லட்சம், ஆறு ஆண்டுக்கு ஒரு முறை: ஆண்டுக்கு 1,50,000. லிஃப்ட் 12 லட்சம், இருபது ஆண்டு: 60,000. மொட்டைமாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு 3 லட்சம், பத்து ஆண்டு: 30,000. தண்ணீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் 6 லட்சம், இருபது ஆண்டு: 30,000. மோட்டார்கள், மின்பலகை ஆகியவை 1,80,000, பத்து ஆண்டு: 18,000. மொத்தம் ஆண்டுக்கு 2,88,000. மாதத்துக்கு 24,000. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். விலைவாசி ஏறும், ஆனால் வைப்பு நிதிக்கு வட்டியும் வரும் என்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

தேவை ஆயிரம், வசூல் ஐந்நூறு. அந்த இடைவெளிதான் ஒரு நாள் 25,000 ரூபாய்த் தீர்மானமாக வந்து கதவைத் தட்டியது. அது திடீர்ச் செலவு அல்ல. பல ஆண்டுகளாகக் கட்டாமல் விட்ட ஐந்நூறுகளின் கூட்டுத்தொகை.

இப்போது அந்த இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். லிஃப்டின் மொத்த விலையில் ஒரு வீட்டின் பங்கு 50,000 ரூபாய். அது உழைக்கும் இருநூற்று நாற்பது மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு 208 ரூபாய். அவர் குடியிருந்த பதினான்கு மாதங்களில் அவர் தேய்த்த லிஃப்டின் மதிப்பு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதே பதினான்கு மாதங்களில் அவர் சிங்கிங் ஃபண்டுக்குக் கொடுத்தது 7,000 ரூபாய். லிஃப்ட், பெயின்ட், குழாய் எல்லாவற்றுக்குமான தேய்மானத்தில் பாதியை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். அதன் மேல்தான் 25,000 கேட்கப்பட்டது. அதுவும் பழைய லிஃப்டுக்கு அல்ல, அவர் போன பிறகு வேறு யாரோ ஏறி இறங்கப் போகும் புதிய லிஃப்டுக்கு.

"லிஃப்டில் தினமும் ஏறுவது அவர், நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன்" என்று உரிமையாளர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டின் தரையிலும்தான் குடித்தனக்காரர் தினமும் நடக்கிறார். தரை தேய்ந்ததற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை. ஒரு பொருளைப் பயன்படுத்தித் தேய விடுவதற்கான விலைதான் வாடகை. லிஃப்ட் உள்ள கட்டடம் என்பதால்தான் மூன்றாம் மாடி வீட்டுக்கு 22,000 ரூபாய் வாடகை கிடைக்கிறது. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் அதே வீட்டை அந்த வாடகைக்கு விட்டுப் பார்க்கட்டும். வாடகையில் லிஃப்டின் தேய்மானத்தை வாங்கிக்கொண்டு, லிஃப்டையும் தனியாக வாங்கித் தரச் சொல்வது ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை சொல்வது.

காவலாளியின் சம்பளம் அப்படியல்ல. இந்த மாதம் காவல் காத்தார், இந்த மாதம் இருந்தவர் அதன் பயனை அடைந்தார், கணக்கு முடிந்தது. அடுத்த மாதம் வீட்டை விற்றால் அந்தக் காவலால் விலை ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. எனக்கு இதுதான் எளிய அளவுகோலாகத் தோன்றுகிறது: குடித்தனக்காரர் நாளையே காலி செய்தால், இந்தச் செலவின் பயன் அவரோடு போய்விடுமா, வீட்டோடு தங்கிவிடுமா? போய்விடுவது குடித்தனக்காரருடையது. தங்கிவிடுவது உரிமையாளருடையது.

சட்டமும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் பார்க்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தில் உள்ள ஓர் அட்டவணை பழுதுபார்க்கும் வேலைகளை இருவருக்கும் பங்கு போடுகிறது. கட்டமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய்களை மாற்றுவது, மின்கம்பிகளை மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய்த் திருகின் வாஷர், சுவிட்சு, பூட்டு, உடைந்த கண்ணாடி, அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரர் பக்கம். நீண்ட நாள் நிற்பது ஒருவருக்கு, கைபட்டுத் தேய்வது மற்றவருக்கு. ஆனால் இந்தப் பட்டியல் வீட்டுக்குள் இருப்பவற்றைத்தான் பெரிதும் பேசுகிறது. அடுக்ககத்தின் பொது லிஃப்டையும் சிங்கிங் ஃபண்டையும் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் பேசும். அதனால்தான் அந்த ஒற்றை வரிக்கு இவ்வளவு கனம்.

சங்கத்தைப் பொறுத்தவரை இதில் குழப்பமே இல்லை. சங்கத்தின் உறுப்பினர் உரிமையாளர்தான். பாக்கி விழுந்தால் பொருளாளர் அவரைத்தான் கேட்க வேண்டும். மாதாமாதம் குடித்தனக்காரர் பணம் அனுப்புகிறார் என்றால், அது உரிமையாளருக்காக அவர் செய்யும் பட்டுவாடா மட்டுமே. நான்கு மாத பாக்கியை வைத்துவிட்டு ஒருவர் காலி செய்து போனால், சங்கம் அவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. உரிமையாளர் கட்டிவிட்டு, முடிந்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ்தான் உச்சவரம்பு என்று அதே சட்டம் சொன்னாலும் பத்து மாதம் வாங்கும் பழைய சென்னை வழக்கம் முழுதாகச் செத்துவிடவில்லை. அது வேறு கதை. ஆனால் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் குடித்தனக்காரரின் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது. உரிமையாளர் தானாகவோ இன்னொருவர் மூலமாகவோ இந்த அடிப்படை வசதிகளைத் துண்டிப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. 'சங்கத்தில் சொல்லி வால்வை மூடச் சொல்கிறேன்' என்று மிரட்டும் உரிமையாளருக்கும், அதற்குத் தலையாட்டும் செயலாளருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

உறுப்பினர் உரிமையாளர் என்பதற்கு இன்னொரு விளைவு உண்டு. சிங்கிங் ஃபண்ட் ஏன் எல்லா இடத்திலும் பாதி வயிற்றோடு கிடக்கிறது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொதுக்குழுவில் கட்டணத்தை உயர்த்தக் கையை உயர்த்துபவர் உரிமையாளர். அந்தக் கட்டணத்தைக் கட்டுபவர், பல வீடுகளில், குடித்தனக்காரர். மொத்தக் கட்டணம் 4,000 என்று விளம்பரத்தில் போட்டால் வீடு சீக்கிரம் போகாது, 3,500 என்றால் போகும். ஆகவே ஊரில் இல்லாத உரிமையாளர்கள் ஒவ்வொரு ஆண்டும் 'இப்போதைக்கு உயர்த்த வேண்டாம்' என்று செய்தி அனுப்புவார்கள். நான் பொருளாளராக இருந்தபோது ஆயிரம் ரூபாய்க் கணக்கை இரண்டு முறை பொதுக்குழுவில் வைத்தேன். இரண்டு முறையும் தோற்றேன். தோற்கடித்தவர்களில் அங்கேயே குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. சிங்கிங் ஃபண்டை உரிமையாளர் தன் கையிலிருந்து கட்டும் இடங்களில் அவர் அதை வேறு கண்ணால் பார்க்கிறார். அது அவருடைய சொத்தின் ஒரு பகுதி என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது.

மும்பையில் இந்தச் சிக்கல் குறைவாக இருப்பதற்குக் காரணம் அங்குள்ளவர்கள் நல்லவர்கள் என்பதல்ல, ரசீதின் அமைப்பு. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளில் சிங்கிங் ஃபண்ட் தனித் தலைப்பு. நிலத்தின் விலை நீங்கலாக, வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதம் என்று அளவும் உண்டு. பழுதுபார்ப்பு நிதி இன்னொரு தலைப்பு, சேவைக் கட்டணம் மற்றொன்று. ரசீதைப் பார்த்தாலே எது யாருடையது என்று பேச முடிகிறது. பெரும்பாலும் அங்கே உரிமையாளரே முழுவதையும் சங்கத்துக்குக் கட்டிவிட்டு, வாடகையை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் சங்கம் கூடுதலாக வசூலிக்கும் கட்டணம் கூட, சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2001-இலேயே அந்த மாநில அரசு வரம்பு போட்டது.

மொத்தத் தொகை ஒன்றுதானே, வாடகையில் சேர்ந்தால் என்ன, தனியாகக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். மாதம் 500 ரூபாயைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. உரிமையாளர் அதைத் தானே ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை வாடகையில் ஏற்றிவிடுவார். வீடு தேடுபவர் 22,000 வாடகையும் 3,500 பராமரிப்பும் என்றாலும் 22,500-உம் 3,000-உம் என்றாலும் 25,500 என்றுதான் மனத்தில் கூட்டிக்கொள்வார். ஆனால் திடீரென்று வரும் 25,000 இந்தக் கூட்டலில் இல்லை. வீடு பார்க்க வந்த நாளில் அவருக்கு அது தெரியாது, பேரம் பேசவும் முடியாது. கட்டடத்தின் வயது, ஃபண்டின் இருப்பு, பொதுக்குழுவின் தீர்மானங்கள் எல்லாம் உரிமையாளர் அறியக்கூடியவை. முன்கூட்டி அறியவும் வாக்களித்துத் தடுக்கவும் வாய்ப்புள்ளவர் தலையில் அந்தச் சுமை இருப்பதுதான் முறை.

வாடகையில் சேர்ப்பதா, பிரிப்பதா என்பதில் வருமான வரியும் மெல்ல மூக்கை நுழைக்கிறது. பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும்போது, வாடகையைத்தான் காட்ட முடியும். தனியாகக் கட்டிய பராமரிப்புக் கட்டணத்தைக் காட்ட முடியாது. அதனால் எல்லாவற்றையும் வாடகையாகவே ரசீது போட்டுத் தரும்படி குடித்தனக்காரர் கேட்பார். உரிமையாளர் தயங்குவார். பராமரிப்பின் 3,000 ரூபாயையும் வாடகையாக வாங்கினால் அது அவருடைய வருமானத்தில் ஏறுகிறது. வீட்டு வருமானத்தில் முப்பது சதவீதத்தைச் செலவுக்கென்று கழிக்கச் சட்டம் விடுகிறது. அதற்கு மேல் சங்கத்துக்குக் கட்டியதைத் தனியாகக் கழிக்க இடமில்லை. ஆக மாதம் 2,100, ஆண்டுக்கு 25,200 ரூபாய் கூடுதல் வருமானம். முப்பது சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, நான்கு சதவீத செஸ்ஸையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குச் சற்று மேல் வரி. புதிய வரி முறைக்கு மாறிவிட்ட குடித்தனக்காரருக்கு அந்த விலக்கே கிடையாது என்பதால், அவருக்கு இதில் லாபமும் இல்லை. பிரித்துக் கட்டுவதே இருவருக்கும் நல்லது என்று முடிகிறது.

அளவுகோல் எளிது என்றேன். ஆனால் அது வழுக்கும் இடங்கள் உண்டு. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமே ஒரு நல்ல உதாரணம். அது இரண்டு வகை. சாதா ஒப்பந்தத்தில் மாதம் ஒரு முறை வந்து எண்ணெய் போட்டு, சரிபார்த்துவிட்டுப் போவார்கள். உதிரிப் பாகத்துக்குத் தனிக் காசு. முழு ஒப்பந்தத்தில் கட்டணம் கூடுதல், ஆனால் கம்பிவடம் தேய்ந்தாலும் மோட்டார் சுருள் எரிந்தாலும் அவர்களே மாற்றித் தருவார்கள். சங்கம் முழு ஒப்பந்தத்தை எடுத்தால், உதிரிப் பாகத்தின் விலை மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொண்டு குடித்தனக்காரரிடம் போகிறது. சாதா ஒப்பந்தமாக இருந்தால், அதே கம்பிவடம் ஒரு நாள் சிறப்பு வசூலாக வந்து உரிமையாளரிடம் நிற்கிறது. பொருள் ஒன்றுதான். சங்கம் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது என்பதைப் பொறுத்து ஆள் மாறுகிறார். இதைத் துல்லியமாகப் பிரிக்க முயல்வது வீண் வேலை. மாதக் கட்டணத்தில் வருவது வரட்டும் என்று விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மாதம் நூறு, இருநூறு ரூபாய்க்கு யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை.

தண்ணீர் இன்னும் வழுக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, சென்னையில் பல குடியிருப்புகளில் லாரித் தண்ணீருக்காகவே தனி வசூல் நடந்தது. சிறப்பு வசூல் என்றாலே உரிமையாளருடையது என்று குடித்தனக்காரர்கள் வாதாடினார்கள். அது தவறு. பெயர் சிறப்பு வசூலாக இருந்தாலும் குளித்தும் சமைத்தும் தீர்த்த தண்ணீர் அது. அதே கோடையில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தவும் சிலர் பணம் திரட்டினார்கள். அது உரிமையாளருடையது, துளை கட்டடத்தோடு தங்கிவிடுகிறது. ஒரே மாதத்தில், ஒரே பஞ்சத்துக்காக, ஒரே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட இரண்டு வசூல்கள். ஒன்று ஒருவருக்கு, மற்றது மற்றவருக்கு. 'சிறப்பு', 'மாதாந்திரம்' என்ற சொற்களை நம்பி முடிவெடுத்தால் இரண்டிலும் தவறு நேரும்.

வீட்டை எடுக்கும் நாளிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். சங்கத்தின் கடைசி ஆண்டு வரவு செலவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. அதில் சிங்கிங் ஃபண்டுக்கு ஒதுக்கிய தொகையும் இருப்பும் இருக்கும். பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட லிஃப்டும், ஓரிரு லட்சம் மட்டும் இருப்பும் சேர்ந்திருந்தால், அங்கே ஒரு சிறப்பு வசூல் கருக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். பிறகு ஒப்பந்தத்தில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லலாம்:

'சங்கத்தின் அன்றாடச் செலவுகளுக்கான மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை (தற்போது ரூ. 3,000) வாடகைதாரர் செலுத்துவார். சிங்கிங் ஃபண்ட், கார்ப்பஸ் ஃபண்ட், மற்றும் கட்டடத்தின் பெயின்ட், லிஃப்ட், குழாய், மின்கருவி ஆகியவற்றை மாற்றவோ புதுப்பிக்கவோ சங்கம் கேட்கும் தொகைகளை உரிமையாளர் செலுத்துவார். லாரித் தண்ணீருக்காக வரும் கூடுதல் தொகை வாடகைதாரரைச் சேரும்.'

சிங்கிங் ஃபண்டையும் குடித்தனக்காரரே கட்ட வேண்டும் என்று உரிமையாளர் பிடிவாதமாக இருந்தால், கட்டலாம். வாடகையில் ஐந்நூறைக் குறைத்துக் கேட்டுவிட்டுக் கட்டலாம். விட்டுக்கொடுக்கக் கூடாதது இரண்டாவது வாக்கியத்தின் பின்பாதி. இருபத்தையாயிரம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். வாய்ப்பேச்சு உதவாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பின்னால் தகராறு வந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அந்த ஒப்பந்தம்தான்.

எங்கள் மூன்றாம் மாடிக் கதை நீதிமன்றம் வரை போகவில்லை. நான் ரசீதைப் பிரித்து, சிங்கிங் ஃபண்டுக்கு அந்த வீட்டிலிருந்து பதினான்கு மாதங்களில் வந்த 7,000 ரூபாயைத் தனியாகக் காட்டி ஒரு தாள் தயாரித்தேன். கீழே, தீர்மானப்படி 25,000 ரூபாய் சங்க உறுப்பினரிடமிருந்து வர வேண்டியது என்று எழுதி உரிமையாளருக்கே அனுப்பினேன். மூன்று வாரங்கள் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் பணம் சங்கக் கணக்குக்கு வந்தது, கோயம்புத்தூர்க் கிளையிலிருந்து. 'இது நியாயமில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்' என்று ஒரு செய்தியும் வந்தது. பதிவு செய்துகொண்டேன்.

எட்டு மாதங்கள் கழித்து, சொன்னபடியே அந்தத் தம்பதி காலி செய்தார்கள். புதிய லிஃப்டில்தான் பீரோவை இறக்கினார்கள். அடுத்து வந்தவரிடம் உரிமையாளர் வாடகையை 23,000 என்று சொன்னார். கேட்டதற்கு, "புது லிஃப்ட் போட்டிருக்கிறதே" என்றார். 25,000 ரூபாய் இருபத்தைந்து மாதத்தில் அவருக்குத் திரும்பிவிடும். லிஃப்ட் அதற்குப் பிறகும் ஓடும். ரசீதில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: பராமரிப்பு 3,000, சிங்கிங் ஃபண்ட் 500. அந்த 500-ஐ ஆயிரமாக்கும் தீர்மானத்தை எனக்கு அடுத்து வந்த பொருளாளர் இந்த ஆண்டும் கொண்டுவந்தார். இரண்டு வாக்கில் தோற்றது.